எக்ஸாமினேஷன் ரிப்போர்ட்டில் பிரிவு 9, பிரிவு 11 என்று வந்தால் என்ன செய்வது?

கேள்வி: காங்கேயம் பக்கத்தில் சின்னதாகச் செக்கு எண்ணெய் ஆலை நடத்துகிறேன். 2015-லிருந்து ஒரே பெயரில்தான் விற்கிறோம். போன வருஷம் டிரேட்மார்க்குக்கு விண்ணப்பித்தோம். இப்போது வெப்சைட்டில் Objected என்று காட்டுகிறது. மெயிலில் ஆங்கிலத்தில் ஒரு நோட்டீஸ், பிரிவு 9, பிரிவு 11 என்று போட்டு, பின்னாலேயே மூன்று பேருடைய பெயர்களையும் இணைத்திருக்கிறார்கள். யாராவது கேஸ் போட்டுவிட்டார்களா? பெயரை மாற்ற வேண்டுமா? பதில் போட ஏஜெண்ட் இன்னும் பன்னிரண்டாயிரம் கேட்கிறார்.

பதில்: யாரும் கேஸ் போடவில்லை. உங்கள் கையில் இருப்பது டிரேட்மார்க் பதிவகத்தின் பரிசோதகர் எழுதிய எக்ஸாமினேஷன் ரிப்போர்ட். பின்னால் இணைத்திருக்கும் மூன்று பெயர்களின் சொந்தக்காரர்களுக்கு, நீங்கள் விண்ணப்பித்ததே பெரும்பாலும் தெரிந்திருக்காது. பரிசோதகர் கணினியில் தேடியபோது உங்கள் பெயருக்கு அருகில் வந்தவற்றை அவரே எடுத்து வைத்திருக்கிறார். வெளியாள் ஒருவர் எதிர்த்தால் அந்த நிலைக்கு Opposed என்று பெயர். அது உங்கள் பெயர் டிரேட்மார்க் ஜர்னலில் வெளியான பிறகுதான் நடக்க முடியும். Objected, Opposed இரண்டும் ஒன்றுபோலத் தோன்றுவதால், கோயம்புத்தூரில் நான் இந்த வேலை பார்க்கும் பதினெட்டு வருஷத்தில் எத்தனையோ பேர் முதல் நோட்டீஸைப் பார்த்ததுமே பயந்து பெயரை மாற்றியிருக்கிறார்கள். ரிப்போர்ட்டின் கடைசியில் விண்ணப்பம் மறுக்கப்படத்தக்கது என்று ஒரு வரி இருக்கும். ஆட்சேபம் வரும் எல்லா ரிப்போர்ட்டிலும் அநேகமாக அதே வரிதான். பதில் கேட்கிறார்கள், இன்னும் எதையும் மறுத்துவிடவில்லை.

அவசரப்பட வேண்டிய விஷயம் ஒன்று உண்டு, அது கெடு. 2017-ம் வருஷத்து டிரேட்மார்க் விதிகளின்படி ரிப்போர்ட் கிடைத்த ஒரு மாதத்துக்குள் பதில் போக வேண்டும். போகாவிட்டால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகக் கருதி முடித்துவிடலாம். மெயிலைத் திறந்து பார்த்த நாளிலிருந்து எண்ணாதீர்கள், மெயில் அனுப்பப்பட்ட நாளிலிருந்து எண்ணுங்கள், அதுதான் பாதுகாப்பு. நல்ல பெயர்கள் பல வலுவான ஆட்சேபத்தால் போவதில்லை, இந்த ஒரு மாதத்தைத் தவறவிட்டுத்தான் போகின்றன. பணத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ரிப்போர்ட்டுக்குப் பதில் தாக்கல் செய்ய அரசுக் கட்டணம் கிடையாது. ஏஜெண்ட் கேட்பது முழுக்க அவருடைய உழைப்புக்கான கூலி. கேட்பது நியாயமா என்பது அவர் என்ன எழுதப் போகிறார் என்பதைப் பொறுத்தது. எல்லாருக்கும் போடும் அச்சுப் பதிலில் உங்கள் பெயரை மட்டும் மாற்றி அனுப்புவதென்றால் அது அதிகம். உங்கள் பில்களை உட்கார்ந்து படித்து, அஃபிடவிட் தயாரித்து, விசாரணைக்கும் வருவார் என்றால் நியாயமான தொகைதான்.

ரிப்போர்ட்டுக்குள் போவதற்கு முன்னால் நீங்கள் போட்ட விண்ணப்பத்தின் நகலை எடுங்கள். டிஎம்-ஏ என்ற படிவம் அது. ஏஜெண்ட் தராவிட்டால் ipindia.gov.in தளத்தில் உங்கள் விண்ணப்ப எண்ணைப் போட்டாலே எல்லாக் காகிதமும் கிடைக்கும். அதில் எந்தத் தேதியிலிருந்து பெயரைப் பயன்படுத்துகிறீர்கள் என்ற இடத்தை முதலில் பாருங்கள். 2015 என்று ஒரு தேதி இருந்தால் நிம்மதி. Proposed to be Used என்று இருந்தால், இனிமேல்தான் பயன்படுத்தப் போகிறோம் என்று நீங்களே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். பழைய தேதியைக் கோரினால் அஃபிடவிட்டும் ஆதாரமும் இணைக்க வேண்டும். அந்த வேலையை மிச்சப்படுத்த, பத்து வருஷம் விற்ற பெயரைக்கூடச் சிலர் புதுப்பெயர் மாதிரி தாக்கல் செய்துவிடுகிறார்கள். அப்புறம் பதிலில் 2015-லிருந்து விற்கிறோம் என்று எழுதினால் உங்கள் விண்ணப்பமே உங்களை மறுக்கிறது.

உங்கள் பெயரை நீங்கள் சொல்லவில்லை. அதனால் ஒரு கற்பனைப் பெயரை வைத்துப் பேசுகிறேன். ‘தென்மணி செக்கு எண்ணெய்’ என்று லேபிள், வகுப்பு 29. சமையல் எண்ணெய் எல்லாம் 29-ல் வரும். (தலைக்குத் தேய்க்கும் தேங்காய் எண்ணெயாக விற்றால் அது வகுப்பு 3. காங்கேயத்தில் நிறையப் பேர் ஒரே எண்ணெயை இரண்டுக்கும் விற்கிறீர்கள். 29-ல் மட்டும் பதிந்துவிட்டுக் கூந்தல் எண்ணெய்க்கும் பாதுகாப்பு வந்துவிட்டதாக நினைக்க வேண்டாம்.)

டிரேட்மார்க் சட்டத்தின் பிரிவு 9 கேட்பது, இந்தப் பெயரால் உங்கள் சரக்கை அடுத்தவர் சரக்கிலிருந்து பிரித்துக் காட்ட முடியுமா என்பது. பொருளின் வகை, தரம், பயன், பிறந்த ஊர் இவற்றை மட்டும் சொல்லும் சொல் ஒருவருக்குச் சொந்தமாக முடியாது. ‘செக்கு எண்ணெய்’ என்பதை உங்களுக்குப் பதிந்து கொடுத்தால் அடுத்த தெருவில் செக்கு வைத்திருப்பவர் தன் டின்னில் என்ன எழுதுவார்? அதனால் பதிலில் ‘செக்கு எண்ணெய்’ என்ற சொற்களுக்குத் தனி உரிமை கோரவில்லை என்று வெளிப்படையாக எழுதிவிடுங்கள். இதனால் உங்களுக்கு நஷ்டமில்லை. லேபிளைப் பதிந்தாலும் அதிலுள்ள பொதுச் சொல்மேல் தனியாக உரிமை வராது என்று பிரிவு 17 ஏற்கெனவே சொல்கிறது. நீங்கள் காப்பாற்ற வேண்டியது ‘தென்மணி’யை.

அப்படியானால் ‘தென்மணி’ மேலேயும் ஏன் பிரிவு 9 வந்தது? இந்தி, ஆங்கிலம் தவிர்த்த எழுத்தில் இருக்கும் பெயருக்கு ஒலிபெயர்ப்பும் மொழிபெயர்ப்பும் விண்ணப்பத்திலேயே கொடுக்க வேண்டும் என்பது விதி. தமிழ் தெரியாத பரிசோதகர் அந்த ஒரு வரியை வைத்துத்தான் உங்கள் பெயரைப் புரிந்துகொள்கிறார். ‘தென்’ என்பதைத் தென்னை என்று நினைத்து ஏஜெண்ட் ஆங்கிலத்தில் தேங்காய் மணி என்ற பொருளில் எழுதியிருந்தால், எண்ணெய்க்கு அது பொருளை விவரிக்கும் சொல்லாகத்தான் தெரியும். தெற்குத் திசையின் மணி என்று எழுதியிருந்தால் இந்த ஆட்சேபமே வராமல் போயிருக்கலாம். மொழிபெயர்ப்புத் தவறாக இருந்தால் டிஎம்-எம் படிவத்தில் திருத்தம் கேட்டு, அகராதிப் பொருளையும் இணைத்துப் பதிலில் விளக்குங்கள். நான் பார்த்த தமிழ்ப் பெயர்களில் இந்தக் காரணத்தால் வந்த பிரிவு 9 ஆட்சேபங்கள் ஒரு பக்க விளக்கத்திலேயே தீர்ந்திருக்கின்றன.

உங்கள் பெயர் உண்மையிலேயே விவரிக்கும் பெயராக இருந்தால், ‘சுத்த நாட்டு எண்ணெய்’ மாதிரி, நிலைமை வேறு. விண்ணப்பம் போட்ட நாளுக்கு முன்பே மக்கள் அந்தப் பெயரை உங்கள் சரக்கோடு மட்டும் சேர்த்து அறிந்திருந்தார்கள் என்று நிரூபிக்க வேண்டும். சட்டம் அதற்கு இடம் தருகிறது. இரண்டு மூன்று மாவட்டங்களில் விற்கும் ஆலைக்கு அந்த நிரூபணம் கடினம். அப்படிப்பட்ட பெயராக இருந்தால் லேபிளின் படத்தோடு சேர்த்துப் பதிவதோ, புதிதாக ஒரு சொல்லைச் சேர்ப்பதோதான் உருப்படியான வழி என்பது என் எண்ணம்.

பிரிவு 11 வேறு விஷயம். உங்களுக்கு முன்னால் பதிந்தவரோ விண்ணப்பித்தவரோ இதே மாதிரிப் பெயரை இதே மாதிரிப் பொருளுக்கு வைத்திருக்கிறார், வாங்குபவர் குழம்பலாம் என்பது. இதற்குப் பொத்தாம்பொதுவான பதில் பயன்படாது. இணைத்திருக்கும் ஒவ்வொரு பெயரின் எண்ணையும் அதே தளத்தில் போட்டு இன்றைய நிலையைப் பாருங்கள். நம் ‘தென்மணி’க்கு மூன்று பெயர்கள் வந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். முதலாவது ஊறுகாய்க்காக ஒருவர் போட்ட விண்ணப்பம், நிலை Abandoned. அது இப்போது உயிரோடு இல்லாத விண்ணப்பம், அந்தத் திரையை அச்செடுத்து இணைத்தால் போதும். இரண்டாவது ‘தென்றல்மணி’, சமையல் எண்ணெய், 2021-ல் விண்ணப்பித்தது, இனிமேல் பயன்படுத்தப் போவதாகச் சொன்னது, அதுவும் Objected நிலையில் நிற்கிறது. இங்கே நீங்கள் 2015-லிருந்து விற்பது கனமான வாதம். பழைய பயன்பாட்டாளரின் உரிமையைப் பிந்தி வந்த பதிவு தொட முடியாது என்பது பிரிவு 34. நேர்மையாக இருவரும் சேர்ந்து பயன்படுத்தினால் இரண்டையும் பதிய பிரிவு 12 இடம் தருகிறது. பெயர்களும் ஒலியில் தள்ளித்தான் இருக்கின்றன.

மூன்றாவதுதான் சிக்கல். ‘தேன்மணி’, ஜாமும் பதப்படுத்திய பழங்களும், பதிவானது, புதுப்பித்தது. தமிழில் ‘தென்’னும் ‘தேன்’னும் வேறு, யாரும் குழப்பிக்கொள்ள மாட்டார்கள் என்று உங்களுக்குத் தோன்றும். ஆனால் ஆங்கிலத்தில் இரண்டையும் THENMANI என்றுதான் எழுதியிருப்பார்கள், தேடலில் இரண்டும் ஒரே சொல். இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில் இதே மாதிரி ஒரு ஜோடிப் பெயரில், சொற்களின் அர்த்தம் வேறு வேறு என்று இரண்டு பக்கம் இலக்கணம் எழுதி விசாரணைக்குப் போனேன். அதிகாரி பொறுமையாகக் கேட்டுவிட்டு, கடைக்காரரிடம் போனில் சொன்னால் எப்படிக் கேட்கும் என்று கேட்டார். பதில் சொல்ல முடியவில்லை, மறுத்துவிட்டார்கள். அவர் கேட்டதற்குப் பின்னால் பழைய தீர்ப்பு இருக்கிறது. அமிர்ததாரா, லக்ஷ்மண்தாரா என்ற இரண்டு மருந்துப் பெயர்கள் பற்றி 1962-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது: வாங்குபவர் சொல்லைப் பிரித்துப் பொருள் பார்ப்பதில்லை, முழுச் சொல்லும் அரைகுறையாக நினைவில் இருக்கும், அந்த நினைவோடுதான் கடைக்கு வருகிறார். பெயர்கள் குழப்பும் என்றே முடிவானது. ஆனாலும் லக்ஷ்மண்தாரா நீண்ட காலம் நேர்மையாகப் புழங்கியதால் உத்தரப் பிரதேசத்துக்குள் மட்டும் என்ற வரம்போடு பதிவை அனுமதித்தார்கள்.

ஆகவே ‘தேன்மணி’க்கு எதிராகச் சொல்லின் அர்த்த விளக்கத்தை முன்னால் வைக்க வேண்டாம். சரக்கு வேறு என்பதை வையுங்கள்: ஜாம் வாங்குபவரும் எண்ணெய் வாங்குபவரும் ஒரே மளிகைக் கடைக்கு வரலாம், ஆனால் செக்கில் ஆட்டுபவர்தான் ஜாமும் போடுவார் என்று யாரும் நினைப்பதில்லை. லேபிளில் உங்கள் படம், எழுத்து, நிறம் எப்படி வேறுபடுகின்றன என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிக் காட்டுங்கள். 2015-லிருந்து இரண்டும் சந்தையில் இருந்தும் ஒரு குழப்பமும் வந்ததில்லை என்றால், அது உண்மையாக இருந்தால் மட்டும், அஃபிடவிட்டில் சொல்லுங்கள். உங்கள் விற்பனை மேற்கு மாவட்டங்களில்தான் என்றால் தமிழ்நாட்டுக்குள் மட்டும் என்ற வரம்பை ஏற்கத் தயார் என்று மாற்றாக எழுதலாம். நாளை பெங்களூருக்கு அனுப்பும் எண்ணம் இருந்தால் யோசித்து எழுதுங்கள், வரம்பு பதிவோடு ஒட்டிக்கொள்ளும். இந்த ஒரு பெயரைப் பொறுத்தவரை முடிவு எப்படி வரும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. ஒற்றுமை என்பது பார்ப்பவரின் கணிப்பு, ஒரே ஜோடிப் பெயரை இரண்டு அதிகாரிகள் இரண்டு விதமாகப் பார்த்ததை நான் கண்டிருக்கிறேன். நிச்சயம் ஜெயிக்கும் என்று உங்கள் ஏஜெண்ட் சொன்னால் நம்ப வேண்டாம்.

இப்போது ஆதாரம். 2015-லிருந்து விற்கிறோம் என்பதை நிரூபிப்பதில் ஆலைக்காரர்கள் வழுக்கும் இடம் ஒன்று உண்டு. பெட்டி பெட்டியாக பில் கொண்டு வருவார்கள். ஒவ்வொரு பில்லிலும் கடலை எண்ணெய் 1 லிட்டர், எச்எஸ்என் 1508, அளவு, விலை. பிராண்ட் பெயர் எங்கேயும் இருக்காது. பில்லின் தலைப்பில் இருப்பது ஆலையின் பெயர், விண்ணப்பித்தது வேறு பெயர். அந்தப் பில் நீங்கள் எண்ணெய் விற்றீர்கள் என்று காட்டும், ‘தென்மணி’ விற்றீர்கள் என்று காட்டாது. தேதியும் பெயரும் ஒரே காகிதத்தில் இருக்க வேண்டும். சிவகாசியில் லேபிள் அச்சடித்த பில், பெயர் அச்சிட்ட டின்னுக்கும் பாட்டிலுக்கும் கொடுத்த ஆர்டர், பெயர் குறிப்பிட்ட ஆய்வகச் சோதனை அறிக்கை, உள்ளூர் நாளிதழில் கொடுத்த விளம்பரம், கோயில் திருவிழா மலரில் போட்ட கால் பக்கம், இவையெல்லாம் பில்லைவிட நன்றாகப் பேசும். ஜிஎஸ்டி வந்தது 2017 ஜூலையில். அதற்கு முந்தைய வாட் காலத்துப் பில்கள் ஆடிட்டரிடம் இருக்கும், இப்போதே கேட்டு வையுங்கள். வருஷத்துக்கு இரண்டு மூன்று நல்ல காகிதம் போதும், ஆனால் 2015-க்கு ஒன்றாவது வேண்டும். 2015-ல் ஒன்றுமே இல்லை, 2018-லிருந்துதான் கிடைக்கிறது என்றால் 2018 என்றே சொல்லுங்கள். பொய்த் தேதி பின்னால் உங்களை எதிர்ப்பவர் கையில் கிடைக்கும் ஆயுதம். பில்கள் அப்பா பெயரிலும் விண்ணப்பம் உங்கள் பெயரிலும் இருந்தால், தொழில் அவரிடமிருந்து உங்களுக்கு வந்ததைக் காட்டும் எழுத்தும் சேர வேண்டும்.

விண்ணப்பத்தில் Proposed to be Used என்று போய்விட்டதென்றால், டிஎம்-எம்மில் திருத்தம் கேட்டு ஆதாரத்தோடு தாக்கல் செய்யலாம். சில அதிகாரிகள் ஏற்கிறார்கள், சிலர் இது விண்ணப்பத்தின் அடிப்படையையே மாற்றுகிறது என்று தள்ளுகிறார்கள். நான் என் கட்சிக்காரர்களுக்குச் சொல்வது, இந்த விண்ணப்பத்துக்குப் பதிலும் போடுங்கள், சரியான தேதியோடு புதிதாக ஒன்றும் போட்டு வையுங்கள் என்பது. உத்யம் சான்றிதழ் இருந்தால் ஆன்லைனில் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய்தான், இல்லாவிட்டால் நிறுவனங்களுக்கு 9,000. போன முறை உத்யம் இருந்தும் 9,000 கட்டினீர்களா என்று ரசீதைப் பாருங்கள்.

பதிலைப் படித்து அதிகாரி திருப்தியானால் நேராக ஏற்றுவிடுவார். இல்லாவிட்டால் விசாரணைக்குத் தேதி வரும், இப்போது வீடியோ வழியாகவே நடக்கிறது. பெரும்பாலும் சில நிமிஷங்கள்தான். ‘தேன்மணி’ எண் என்ன, சரக்கு என்ன, உங்கள் முதல் ஆதாரம் எந்தப் பக்கம் என்று கேட்டால் உடனே சொல்லத் தெரிந்த ஆள் உட்கார வேண்டும். ஏஜெண்ட் அதற்கு ஒரு ஜூனியரை அனுப்புவாரா, அவரே வருவாரா என்று முன்கூட்டியே கேளுங்கள். அங்கேயும் மறுத்தால் ஒரு மாதத்துக்குள் மறுபரிசீலனை கேட்கலாம், அல்லது மூன்று மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்துக்கு மேல்முறையீடு போகலாம். முன்பு இதற்கென்று இருந்த தீர்ப்பாயத்தை 2021-ல் எடுத்துவிட்டார்கள்.

ஏற்றுக்கொண்டால் பெயர் ஜர்னலில் வெளியாகும். அதிலிருந்து நான்கு மாதத்துக்குள் யார் வேண்டுமானாலும் எதிர்க்கலாம். அந்த ‘தேன்மணி’க்காரர் உங்களைப் பற்றி முதன்முதலில் கேள்விப்படுவதும் அப்போதாக இருக்கலாம். எதிர்ப்பு வந்தால் அதன் நகல் கிடைத்த இரண்டு மாதத்துக்குள் எதிருரை போக வேண்டும், தவறினால் விண்ணப்பம் போய்விடும். அதனால் பதிவகத்துக்குக் கொடுத்திருக்கும் மெயில் ஏஜெண்டுடையது மட்டும் என்றால் உங்களுடையதையும் சேர்க்கச் சொல்லுங்கள். பதிவு ஆகும்வரை லேபிளில் டிஎம் என்று போட்டுக்கொள்ளலாம், வட்டத்துக்குள் ஆர் போடக் கூடாது, பதியாத பெயரைப் பதிந்ததாகக் காட்டுவது சட்டப்படி தவறு. டின் அச்சடிக்கக் கொடுத்திருந்தால் அதை இன்றைக்கே பார்த்துவிடுங்கள்.

உங்கள் ரிப்போர்ட்டைப் பார்க்காமல், பெயரை மாற்ற வேண்டுமா என்பதற்கு நான் பதில் சொல்ல முடியாது. அந்த மூன்று பெயர்களில் ஒன்றாவது சமையல் எண்ணெய்க்கே பதிவாகி, 2015-க்கு முன்னாலிருந்து விற்பனையிலும் இருந்தால் மட்டும் மாற்றுவதைப் பற்றி உட்கார்ந்து பேசலாம். மூன்று எண்களையும் அவற்றின் நிலை, சரக்கு, பயன்பாட்டுத் தேதியையும் இங்கே எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன். மெயில் வந்த தேதியையும் சேர்த்து எழுதுங்கள்.